அழிக்கப்பட்ட கடைசித் தேதி

ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலைப் பல நிறுவனங்கள் ஒரே மாதிரிதான் வைத்திருக்கின்றன. எக்செல் தாளில் ஆளுக்கு ஒரு வரி: பெயர், துறை, ஒப்பந்தம் தொடங்கிய நாள், முடியும் நாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மனிதவளப் பிரிவில் இருப்பவர் பழைய தேதிகளை அழித்துவிட்டு அதே கட்டத்தில் புதியவற்றை அடிப்பார். பட்டியல் எப்போதும் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த ஆள் எத்தனை வருடமாக அங்கே வேலை பார்க்கிறார் என்பது மட்டும் அதில் இருக்காது.

செல்வி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பேக்கிங் பிரிவில் வேலை. முதல் ஒப்பந்தம் 1.6.2023 முதல் 30.4.2024 வரை, 11 மாதம். பதினைந்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பிறகு 16.5.2024 முதல் 15.4.2025 வரை இன்னொரு 11 மாதம். ஐந்து நாள் இடைவெளி விட்டு, 21.4.2025 முதல் 20.3.2026 வரை மூன்றாவது. அந்த நிறுவனத்தின் விதி இது: மொத்தம் 24 மாதம் வேலை செய்தவரை நிரந்தரத்துக்குப் பரிசீலிக்க வேண்டும், இடையில் 30 நாளுக்குள் விட்ட இடைவெளி கணக்கில் சேராது, ஆனால் அதனால் தொடர்ச்சியும் அறுந்துபோகாது.

பட்டியலில் செல்வி ஏப்ரல் 2025-இல் சேர்ந்தவர். முடியும் நாளை மட்டும் பார்த்து நினைவூட்டும் முறையில் 2026 பிப்ரவரி வாக்கில்தான் அவர் பெயர் மேலே வரும். ஆனால் முதல் இரண்டு ஒப்பந்தங்களிலேயே 22 மாதம் கழிந்துவிட்டது. மூன்றாவதில் இரண்டே மாதம் போதும். 20.6.2025 அன்று அவருக்கு முறை வந்துவிட்டது.

இதைச் சரிசெய்யப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு வரி என்பதை ஒப்பந்தத்துக்கு ஒரு வரி என்று மாற்றினால் போதும். நடுவில் ஒரு கடிதம் கொடுத்து மூன்று மாதம் நீட்டித்தாலும் அது தனி வரி. எதையும் அழிக்கக் கூடாது.

அப்போது ஒரே ஆளின் வரிகளைச் சேர்ப்பது எப்படி? பெயரை நம்ப முடியாது. மு. செல்வி ஒரு வருடம் ‘செல்வி எம்’ ஆவார், அடுத்த வருடம் இனிஷியலே இருக்காது. ஊழியர் எண்ணையும் நம்ப முடியாது. ஒவ்வொரு முறை சேரும்போதும் புதிய எண் தருவது வழக்கம். வருங்கால வைப்பு நிதியின் 12 இலக்க யு.ஏ.என். எண்தான் சரியான பிடி. வேலை மாறினாலும் அது மாறாது.

அந்த எண்ணை A பத்தியிலும், தொடக்கத்தை C-யிலும், முடிவை D-யிலும் வைத்து, முதலில் எண்படியும் பிறகு தொடக்க நாள்படியும் வரிசைப்படுத்தினால், இடைவெளி இப்படிக் கிடைக்கும்:

```
=IF(A3=A2, C3-D2-1, "")
```

செல்விக்கு இது 15 என்றும் அடுத்த வரியில் 5 என்றும் காட்டும். 30-ஐத் தாண்டாத வரை அந்த ஒப்பந்தங்களின் நாட்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று காலை வாரும். 16.05.2024 என்று புள்ளி வைத்துத்தான் நாம் தேதி எழுதுவோம். எக்செல் பெரும்பாலும் அதைத் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும்; கணக்கில் `#VALUE!` என்று வரும். கண்டுபிடிப்பது எளிது: உண்மையான தேதி கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும்.

கொடியை ஒப்பந்தம் முடியும் நாளில் கட்டுவதால் பயனில்லை. 24 மாதம் நிறையும் நாளைக் கணக்கிட்டு, அதற்கு 90 நாள் முன்னால் கட்ட வேண்டும். துறைத்தலைவர் கருத்துச் சொல்லவும், சம்பள நிலையை முடிவு செய்யவும் அவ்வளவு நாள் தேவைப்படும்.

இவ்வளவும் நிறுவனத்தின் சொந்த விதிக்கான கணக்கு. தமிழ்நாட்டில் அதோடு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், அது பொருந்தும் தொழிற்கூடங்களில், 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. தொழிலாளியின் குற்றமில்லாமல் வேலை நின்றுபோனால் தொடர்ச்சி அறுவதில்லை. சம்பளத்தோடு கூடிய விடுப்பும், வேலையில் ஏற்பட்ட விபத்தால் வராத நாட்களும்கூட 480-இல் சேரும். ஆகவே ஒப்பந்தத் தாளோடு வருகைப் பதிவேட்டையும் எடுத்துவைத்துத்தான் இதை எண்ண முடியும்.

செல்வி சம்பளமில்லாத விடுப்பே எடுக்கவில்லை என்றால் முதல் ஒப்பந்தத்தில் 335 நாள். இன்னும் 145 வேண்டும். இரண்டாவது ஒப்பந்தத்தில் 7.10.2024 அன்று அது நிறைகிறது. நிறுவன விதி அவரை எட்டுவதற்கு எட்டு மாதம் முன்னாலேயே சட்டத்தின் கேள்வி எழுந்துவிட்டது. மூன்றாவது ஒப்பந்தத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கியது அதற்கு ஆறு மாதம் கழித்து.