தேர் புறப்படும் முன் எழுத வேண்டிய கடிதம்

லண்டன் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர் கோடையில் வீதிக்கு வரும்போது, அந்த வட்டாரமே ஒரு நாளைக்கு ஊர்த் திருவிழா போலாகிவிடும். பிரிட்டனில் இதுபோல் தேர் இழுக்கும் தமிழ்க் கோயில்கள் பல உண்டு. வீதியில் தேர் ஓட வேண்டுமானால் சாலையை மூட நகரசபையின் அனுமதி தேவை. அந்த விண்ணப்பத்தோடு நகரசபை தவறாமல் கேட்பது பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ். பெரும்பாலும் 50 லட்சம் பவுண்டு, சில இடங்களில் ஒரு கோடி பவுண்டு வரை காப்பு இருக்க வேண்டும் என்பார்கள்.

நிர்வாகிகள் பலர் இதை அனுமதிக்கான இன்னொரு தாளாகவே பார்க்கிறார்கள். யாரோ ஒருவர் படிவத்தை அவசரமாக நிரப்பி அனுப்புகிறார், சான்றிதழ் வந்துவிடுகிறது, விஷயம் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். ஆனால் விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்துப் படிப்பது அந்தப் படிவத்தைத்தான்.

இந்தக் காப்பீடு எதற்கு என்பதில் முதலில் தெளிவு வேண்டும். திருவிழா நடத்துபவர்களின் கவனக்குறைவால் வெளியாள் ஒருவருக்குக் காயமோ, அவருடைய பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டு, சட்டப்படி நட்ட ஈடு கொடுக்க நேர்ந்தால் அதை இது ஏற்கும். வழக்காடும் செலவும் வழக்கமாக இதில் சேரும். மழையால் விழா நின்றுபோனால் இது உதவாது. கோயில் நகை களவு போனாலும் உதவாது. வடம் பிடிப்பவர், காவடி எடுப்பவர் போல விழாவில் நேரடியாகப் பங்கேற்பவர்களின் காயத்தைப் பல நிறுவனங்கள் விலக்கி வைத்திருக்கும். அலகு குத்தும் காவடி உண்டென்றால் அதைத் தனியாகச் சொல்லி, ஏற்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கடிதத்தில் அதிகம் தவறுவது கூட்டத்தின் கணக்கு. காலை முதல் மாலை வரை வந்துபோகிறவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு எண். ஒரே நேரத்தில் வீதியில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறொரு எண். ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

ஒரு கோயிலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேர் கடக்கும் தெருவில் கூட்டம் சேரும் பகுதி 150 மீட்டர் நீளம். இருபுற நடைபாதையையும் சேர்த்து அகலம் 11 மீட்டர். மொத்தம் 1,650 சதுர மீட்டர். வடம் 25 மீட்டர் நீளம். அது கிடக்கும் 7 மீட்டர் அகலச் சாலைப் பகுதியில், இழுப்பவர்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. அந்த 175 சதுர மீட்டரைக் கழித்தால் 1,475 மிஞ்சும். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்றால், வசதியாக நகர்ந்து நிற்கக்கூடியவர்கள் 2,950 பேர். தேரும் தண்ணீர்ப் பந்தலும் அடைக்கும் இடத்தையும் இதில் கழிக்க வேண்டும். சதுர மீட்டருக்கு நான்கு, ஐந்து பேரைத் தாண்டினால் மனிதர்கள் தம் விருப்பப்படி நகர முடியாது. அடுத்தவர் தள்ளிய பக்கம் போவார்கள். நெரிசல் சாவுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இப்போது அந்தக் கோயில் பிரீமியத்தைக் குறைக்க நினைத்து, உச்ச நேரக் கூட்டம் 1,500 என்று எழுதியதாகக் கொள்வோம். இங்கிலாந்தில் 2016 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம், கேட்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான விவரங்களை நேர்மையாக முன்வைக்க வேண்டும் என்கிறது. தெரிந்தே பொய் சொன்னது நிரூபணமானால் நிறுவனம் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். கவனமின்மையால் வந்த பிழை என்றால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று பார்ப்பார்கள். கட்டிய பிரீமியம் 600 பவுண்டு, சரியான எண்ணுக்கு 1,000 பவுண்டு கேட்டிருப்பார்கள் என்றால், நட்ட ஈட்டில் 60 சதவீதம் மட்டுமே தரலாம். நட்ட ஈடு இரண்டு லட்சம் பவுண்டு என்று தீர்ப்பானால் 80,000 பவுண்டு கோயில் தலையில் விழும். கோயில் நிறுவனமாகப் பதிவாகாத அறக்கட்டளையாக இருந்தால் அறங்காவலர்களின் சொந்தச் சொத்து வரைக்கும் அது போகலாம். 400 பவுண்டு மிச்சம் பிடித்ததற்கு இது மிகக் கொடுமையான விலை.

அடுத்தது தொண்டர்கள். “போதுமான தொண்டர்கள் இருப்பார்கள்” என்று எழுதுவதில் பயனில்லை. நூறு பேருக்கு ஒருவர் என்று சில நகரசபைகள் கேட்கும், 250 பேருக்கு ஒருவர் போதும் என்று வேறு சில விட்டுவிடும். எண்ணிக்கையைவிட யார் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் கடிதம் காட்ட வேண்டும். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டை போடுபவர்கள் இத்தனை பேர், பழக்கமுள்ளவர்கள். அவர்களைச் சுற்றி யாரும் நெருங்காமல் பார்க்க இத்தனை பேர். வடத்தின் இரு பக்கமும் குழந்தைகளை விலக்கி நிறுத்த இத்தனை பேர். நிறுத்து என்ற கட்டளை ஒரே ஒருவரிடமிருந்து வரும். அவர் விசில் ஊதினால் வடத்தை விட்டுவிட வேண்டும். இப்படி எழுதிய கடிதத்தைப் படிப்பவருக்கு, தேர் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும், ஆபத்து எங்கே, அதற்கு யார் பொறுப்பு என்பது புரிந்துவிடும்.

சிதறு தேங்காய் தனியாகக் குறிப்பிட வேண்டிய விஷயம். வெறுங்காலோடு நடக்கும் வீதியில் நூற்றுக்கணக்கான தேங்காய்கள் உடையும். ஓட்டுச் சில்லு தெறிக்கிறது, இளநீரில் தார்ச்சாலை வழுக்குகிறது. உடைப்பதற்குத் தடுப்புக் கட்டிய ஓர் இடம், உடைப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே தூரம், தேர் வருமுன் பெருக்கி அள்ளத் துடைப்பத்தோடு ஒரு குழு. இவற்றை எழுதினால் மட்டும் போதாது, அன்று செய்தும் ஆக வேண்டும். எழுதியதைச் செய்யாமல் விட்டால், அந்தக் கடிதமே கவனக்குறைவுக்குச் சாட்சியாகிவிடும். கற்பூரத் தீ, அன்னதானத்துக்கான எரிவாயு அடுப்பு இரண்டையும் இதேபோல் விவரிக்க வேண்டும்.

முதலுதவிக்கு, கூட்டத்தில் ஒரு டாக்டர் எப்படியும் இருப்பார் என்று நம்பிவிடக் கூடாது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்பை முன்பதிவு செய்து, எத்தனை பேர், எந்த நேரம் வரை, கூடாரம் எங்கே என்று எழுத வேண்டும். ஆம்புலன்ஸ் எந்தத் தெரு வழியாக நுழையும், அந்தத் தெருவில் தடுப்பை விலக்குபவர் யார் என்பதும் வேண்டும். விரதமிருந்து வெயிலில் நிற்கும் முதியவர்கள் மயங்குவது தேரன்று வழக்கமாக நடப்பதால், நிழலும் தண்ணீரும் இந்தத் திட்டத்தோடு சேர்ந்தவை.

தொண்டருக்கே காயம் பட்டால்? பொதுப் பொறுப்புக் காப்பீடு அதை ஏற்காமல் போகலாம். சம்பள ஆட்கள் இருந்தால் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளிப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். சம்பளமில்லாத் தொண்டர்களையும் அதில் சேர்க்கிறார்களா என்று தரகரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைப்பது நல்லது.

விழா முடிந்ததும் இந்தத் தாள்களைக் கழித்துக்கட்டும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. இங்கிலாந்தில் காயத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். காயம்பட்டது குழந்தை என்றால் அந்த மூன்று ஆண்டும் 18 வயதில்தான் தொடங்கும். ஐந்து வயதில் தேங்காய்ச் சில்லை மிதித்த குழந்தை 21 வயது நிறையும் வரை வழக்குத் தொடுக்கலாம். அதனால் தொண்டர் பட்டியல், அவர்கள் கையெழுத்திட்ட அறிவுறுத்தல் தாள், முதலுதவிப் பதிவேடு, பெருக்கிய வீதியின் புகைப்படங்கள், அந்த ஆண்டுக் காப்பீட்டுச் சான்றிதழ் எல்லாவற்றையும் நிர்வாகக் குழு எத்தனை முறை மாறினாலும் 16 ஆண்டுகளுக்குக் குறையாமல் பத்திரப்படுத்த வேண்டும்.