அட்டை தொலைந்தாலும் பாட்டு தொலையாது

எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி. பாட்டுகளின் பெயரை வரிசையாக அச்சடித்து, வாசலிலேயே ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். மறுநாள் காலையில் சித்தி கேட்டாள்: "ஏன்டா, அந்தப் பொண்ணு தனியா ஒரு பாட்டு பாடிச்சே, விடியக்காலையைப் பத்தி. அது என்ன பாட்டு?" அட்டை கூட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பையன் போனில் இருபது நொடி பதிவு செய்திருந்தான். ஷாஜாமில் போட்டுப் பார்த்தோம், வரவில்லை. அது வராததற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆப், இசைத்தட்டில் பதிவான ஒலியைப் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்துக்கொண்டு, நாம் தரும் ஒலியை அதோடு ஒப்பிடுகிறது. மேடையில் குரல் வேறு, வேகம் வேறு, பாடகிக்குத் தோதாகக் கட்டையும் ஏறி இறங்கியிருக்கும். பாட்டு அதேதான், ஆனால் ஒலி அது இல்லை.

ஆகவே நினைவிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாட்டின் வரியைக் கேட்டால் பெரும்பாலும் வராது. பாட்டுக்குப் பெயராக இருப்பது பல்லவியின் முதல் வார்த்தைகள், மனதில் ஒட்டுவதோ சரணத்தில் எங்கோ ஓரிடம். அதனால் நான் சித்தியிடம் வேறு கேள்விகள் கேட்டேன். அதற்கு முன்னால் என்ன பாடினார்கள்? பாடும்போது யாராவது கூடச் சேர்ந்தார்களா? அறிவிப்பாளர் என்ன சொன்னார்? ஒரு டூயட் முடிந்ததும் வந்தது, கடைசிவரை பெண்குரல் மட்டும்தான் என்றாள். பிறகு, "இளையராஜான்னு சொன்னாங்க. 'அலைகள் ஓய்வதில்லை' படம்னு சொன்ன மாதிரி ஞாபகம்" என்றாள்.

அறிவிப்பாளர் சொல்லும் படப்பெயரைவிடப் பெரிய துப்பு கிடையாது. அன்று மாலையே உட்கார்ந்து, 1981-ல் வந்த அந்த பாரதிராஜா படத்தை முழுவதும் பார்த்தோம். கார்த்திக்கும் ராதாவும் அறிமுகமான படம். பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து போயின. சித்தி தேடிய பாட்டு மட்டும் வரவில்லை. "அப்போ படத்தைத் தப்பாக் கேட்டிருப்பேன்" என்று முகம் வாடிவிட்டாள்.

தேடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இதுதான். சித்தி தப்பாகக் கேட்கவில்லை. இசைத்தட்டுக்கு என்று பதிவான பாட்டு எல்லாமே படத்தில் இடம்பெறுவதில்லை. 'அலைகள் ஓய்வதில்லை' இசைத்தட்டில் எஸ். ஜானகி பாடிய 'புத்தம் புது காலை' இருக்கிறது, படத்தில் இல்லை. படத்தைப் பார்ப்பதற்குப் பதில் இசைத்தட்டின் பாட்டுப் பட்டியலைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பட்டியலில் பெண்குரல் தனியாகப் பாடும் பாட்டுகளை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டாலே போதும்.

ஆனால் பெயர் கிடைத்ததும் வேறொரு குழப்பம் வந்தது. தேடினால் இதே பாட்டு இரண்டு விதமாகக் கிடைக்கிறது. 2014-ல் வந்த 'மேகா' படத்துக்காக இளையராஜாவே இதை மறுபடி பயன்படுத்தினார், அதில் பாடியவர் அனிதா கார்த்திகேயன். மேடையில் வாசித்தது எதைப் பார்த்து?

இதற்குப் பையனின் இருபது நொடிப் பதிவு உதவியது. அதில் குரல் சரியாக விழவில்லை, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசைதான் இருந்தது. அதைத்தான் நான் நம்புவேன். பாடுகிறவர் சங்கதியை மாற்றலாம், ஒரு வரியைத் திருப்பிப் பாடலாம். இடையிசையை வாசிப்பவர்கள் பதிவைக் கேட்டு நோட்ஸ் எழுதி வைத்து வாசிக்கிறார்கள். ஷெனாய்க்குப் பதில் கீபோர்டு ஒலிக்கலாம், நேரம் போதாமல் பாதியில் வெட்டலாம், ஆனால் அந்த இசைத்துணுக்கின் போக்கு மாறாது. இரண்டு பதிவுகளின் இடையிசையையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். பையனின் பதிவு ஜானகி பாடியதோடு அப்படியே பொருந்தியது.

பதிவும் இல்லை, படப்பெயரும் இல்லை என்றால், குழுத் தலைவரைக் கேட்பதுதான் வழி. மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரிலேயே பெரும்பாலும் போன் எண் இருக்கும். "அண்ணே, அன்னிக்கு ஒரு நல்ல பாட்டு பாடினீங்களே" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஊர், தேதி சொல்லி, "டூயட் முடிஞ்சதும், குத்துப் பாட்டுக்கு முன்னாடி, ஒரு பொண்ணு தனியாப் பாடின பாட்டு" என்று இடத்தைச் சொல்லுங்கள். எந்தப் பாட்டு யாருக்கு, எந்தச் சுருதி என்று எழுதிய பட்டியல் அவரிடம் இருக்கும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். நேயர் விருப்பத் துண்டுச்சீட்டு வந்தால் அச்சடித்த வரிசை மேடையிலேயே மாறிவிடும். அடுத்த கச்சேரிக்குப் போகும்போது அட்டையை வாங்கியதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறிய பாட்டை அந்த இடத்திலேயே பேனாவால் குறித்துவிடுங்கள்.