பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது!
ஏ.டி.எம். எந்திரம் செய்யும் குளறுபடி ஏன்? போன பணம் எத்தனை நாளில் திரும்பும்?

அன்று வெள்ளிக்கிழமை. மாதத்தின் 3-ந் தேதி. மாலை 6 மணி.

தையல் வேலை செய்து குடும்பம் நடத்தும் ஒரு தாய், மகனுடன் ஏ.டி.எம். அறைக்குள் நுழைந்தாள். மகனின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு 5,000 ரூபாய் தேவை. அவள் கணக்கு வைத்திருப்பது ஒரு பாங்கி. அந்த எந்திரமோ வேறொரு பாங்கியுடையது.

கார்டைச் செருகினாள். ரகசிய எண்ணை அழுத்தினாள். எந்திரத்துக்குள் 'கடகட'வென்று நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. பணம் வரவில்லை. "மன்னிக்கவும்" என்று திரையில் எழுத்துகள் தோன்றின.

அதே நொடியில் அவளுடைய செல்போன் மணி அடித்தது. "உங்கள் கணக்கில் ரூ.5,000 கழிக்கப்பட்டது" என்று தகவல்!

"ஐயோ! பணம் போச்சே!" என்று பதறினாள் தாய்.

பணம் எங்கே போனது? யார் எடுத்தது?

கணக்கு முதலில், நோட்டு பிறகு

யாரும் எடுக்கவில்லை. நோட்டுகள் எந்திரத்துக்குள்ளேயே இருக்கின்றன.

நடந்தது இதுதான். அவள் பொத்தானை அழுத்தியதும், எந்திரம் ஒரு கேள்வியை அனுப்புகிறது. "இந்தக் கணக்கில் 5,000 ரூபாய் இருக்கிறதா? கொடுக்கலாமா?" என்பதே அந்தக் கேள்வி. பாங்கிகளை இணைக்கும் பொது இணைப்பகம் வழியாக அது அவளுடைய பாங்கிக்குப் போகிறது. பாங்கி கணக்கைப் பார்க்கிறது. பணம் இருந்தால், உடனே 5,000 ரூபாயைக் கழித்துவிட்டு, "கொடுக்கலாம்" என்று பதில் அனுப்புகிறது.

அதற்குப் பிறகுதான் எந்திரம் நோட்டுகளை எண்ணத் தொடங்குகிறது.

இந்த வரிசை ஏன்? நோட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு கழிப்பதென்றால், அந்த இடைவெளியில் அதே பணத்தை இன்னொரு எந்திரத்திலும் ஒருவர் எடுத்துவிடலாம் அல்லவா? அதனால்தான் கணக்கு முதலில், நோட்டு பிறகு.

பாதி வழியில் நின்ற செய்தி

கசங்கிய நோட்டோ, ஒட்டிக்கொண்ட நோட்டோ வந்தால் எந்திரம் தடுமாறும். அவற்றை உள்ளே உள்ள கழிவுப் பெட்டியில் தள்ளிவிட்டு வேலையை நிறுத்திவிடும்.

உடனே, "நான் பணம் கொடுக்கவில்லை, கழித்ததைத் திரும்ப வரவு வையுங்கள்" என்று எந்திரம் மறுசெய்தி அனுப்ப வேண்டும். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சில நிமிடங்களில் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். பலருக்கு இப்படித்தான் திரும்புகிறது.

அந்தச் சமயத்தில் தொலைத்தொடர்பு அறுந்தாலோ, மின்சாரம் போனாலோ, மறுசெய்தி போய்ச் சேராது. பாங்கியோ, "பணம் கொடுத்தாகிவிட்டது" என்றே நினைத்துக்கொண்டிருக்கும். தாயின் கதை இந்த வகை.

பிறகு எப்படித் தெரியவரும்? எந்திரம் தான் செய்த ஒவ்வொரு வேலையையும் தனக்குள் பதிவு செய்துவைக்கிறது. எந்திரத்தின் பதிவு, இணைப்பகத்தின் கணக்கு, பாங்கியின் கணக்கு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எந்திரத்தைத் திறந்து எண்ணும்போது, இருக்க வேண்டியதைவிட 5,000 ரூபாய் கூடுதலாக இருக்கும். அதுதான் அந்தத் தாயின் பணம்!

5 நாள் கெடு

இதற்கு எத்தனை நாள்? ரிசர்வ் பாங்கி 2019-ம் ஆண்டு செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டது. அது அந்த ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. பணம் வராமல் கணக்கில் கழிந்திருந்தால், அன்றிலிருந்து 5 நாளுக்குள் பாங்கி தானாகவே திரும்ப வரவு வைக்க வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் நஷ்டஈடு தர வேண்டும். இந்த நஷ்டஈட்டுக்கு யாரும் மனுப் போட வேண்டியதில்லை.

நாள் கணக்கை விரல் விட்டு எண்ணலாம். சம்பவம் நடந்தது 3-ந் தேதி. அதைச் சேர்க்காமல் 5 நாள் எண்ணினால் 8-ந் தேதி. இதில் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் சேரும். காலண்டர் தேதிதான் கணக்கு.

600 ரூபாய் வந்த விதம்

தாய் சும்மா இருக்கவில்லை. எந்திரம் தந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மறுநாளே, தன் கணக்கு உள்ள பாங்கியில் புகார் கொடுத்தாள். தேதி, நேரம், தொகை, ரசீதில் இருந்த ஏ.டி.எம். எண் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொண்டாள்.

எந்திரம் வேறு பாங்கியுடையது என்றாலும், புகாரை வாங்க வேண்டியது கார்டு கொடுத்த பாங்கிதான்.

8-ந் தேதி வந்தது, பணம் வரவில்லை. மகனின் சம்பளத்தைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கட்டினாள். கடைசியில், 14-ந் தேதி 5,000 ரூபாய் வரவாயிற்று. பாஸ்புத்தகத்தில் பார்த்தாள். நஷ்டஈடு இல்லை!

மறுபடியும் பாங்கிக்குப் போனாள். "8-ந் தேதிக்குள் வர வேண்டிய பணம் 14-ந் தேதி வந்திருக்கிறது. 6 நாள் தாமதம். 600 ரூபாய் எங்கே ஐயா?" என்று கேட்டாள்.

அதிகாரி தேதிகளைப் பார்த்தார். "நீங்கள் சொல்வது சரிதான் அம்மா" என்றார். 600 ரூபாயும் கணக்கில் ஏறியது.

இங்கேதான் ஆபத்து!

ஒரு வகையில் மட்டும் பணம் தானாகத் திரும்பாது. நோட்டு வெளியே வரும் வாயில், திருடர்கள் ஒரு தகட்டை ஒட்டிவைப்பது உண்டு. நோட்டுகள் அதன் பின்னால் சிக்கிக்கொள்ளும். ஏமாந்தவர் வெளியே போனதும், திருடன் வந்து எடுத்துக்கொள்வான்.

எந்திரத்தின் பதிவிலோ, "பணம் கொடுக்கப்பட்டது" என்றே இருக்கும். உள்ளேயும் கூடுதல் பணம் இராது. ஆகவே, "நீங்கள் பணத்தைப் பெற்றுக்கொண்டீர்கள்" என்று சொல்லிப் பாங்கி புகாரைத் தள்ளிவிடக்கூடும்.

எண்ணும் சத்தம் முழுதாகக் கேட்டும் பணம் வராவிட்டால், அந்த வாயை உற்றுப் பாருங்கள். புதிதாக ஒட்டியதுபோல் ஏதாவது தெரிந்தால், அங்கேயே நின்றுகொண்டு, கார்டின் பின்புறம் அச்சிட்ட எண்ணில் பாங்கிக்குச் சொல்லுங்கள். அறையில் ஒட்டியிருக்கும் வேறு எண்ணை நம்ப வேண்டாம். ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

புகாரைத் தள்ளிவிட்டால், எந்திரத்தின் பதிவையும் கேமரா படத்தையும் பார்க்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். படத்தை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். ஆகையால் தாமதம் கூடாது.

பாங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். cms.rbi.org.in என்ற இணையதளத்தில் புகார் செய்யலாம். செலவு இல்லை. அங்கேயும் முதலில் கேட்பது பாங்கியில் கொடுத்த புகாரைத்தான்.

அந்தத் தாய் அந்த ரசீதை இன்னும் தூக்கி எறியவில்லை. தையல் எந்திரத்தின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில், பாஸ்புத்தகத்துடன் சேர்த்து வைத்திருக்கிறாள்.