சத்தம் வருகிறது, படம் வரவில்லை

ஐபோனில் எடுத்த பிறந்தநாள் வீடியோவை, 2014-இல் வாங்கிய மேசைக் கணினியில் திறக்கிறார்கள். பாட்டும் கைத்தட்டலும் கேட்கின்றன. திரை மட்டும் கறுப்பு. கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதை அழித்துவிட வேண்டாம். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆப்பிள் 2017 முதல், ஐபோன் 7-இலும் அதற்குப் பிந்தைய போன்களிலும் வீடியோவை எச்.இ.வி.சி. முறையில் சுருக்கிச் சேமிக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த வசதி உண்டு. லாபம் கண்கூடு: நொடிக்கு 30 படங்கள் ஓடும் ஒரு நிமிட 4கே வீடியோ, முந்தைய எச்.264 முறையில் சுமார் 350 எம்.பி. பிடிக்கும், இதில் 170 எம்.பி.தான்.

பழைய முறை படத்தை 16-க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்தது. புதியது, வெறும் வானம் போன்ற இடங்களில் 64-க்கு 64 வரை பெரிய கட்டம் போடுகிறது. ஒரு கட்டத்தின் நிறத்தை அக்கம்பக்கத்துக் கட்டங்களிலிருந்து 33 கோணங்களில் கணிக்கிறது. சுருக்கியது இவ்வளவு நுட்பமாக என்றால், விரிப்பதற்கும் அவ்வளவு கணக்கு போட்டாக வேண்டும்.

அங்கேதான் பழைய கணினி இருவிதமாகத் திணறுகிறது. முதலாவது, இதைப் படிக்கும் மென்பொருளே இல்லாதது. கறுப்புத் திரைக்கு அதுவே காரணம். இலவசமான விஎல்சி பிளேயரில் திறந்தால் படம் வந்துவிடும், ஏனெனில் அதற்குள்ளேயே அந்த மென்பொருள் இருக்கிறது. விஎல்சியிலும் படம் விட்டுவிட்டு ஓடினால் அது இரண்டாவது வகை. இன்டெல் சிப்புகளில் எச்.இ.வி.சி.க்கென்று முழுமையான தனிச் சுற்று, 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய சிப்பில் மொத்த வேலையும் பொதுச் செயலியின் தலையில் விழும். டாஸ்க் மேனேஜரில் சிபியு அளவு 100 சதவீதத்தை ஒட்டி நிற்பதைப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

இதற்கு மருந்து, எச்.264-க்கு மாற்றுவது. கோப்பின் பெயரில் .mov என்பதை .mp4 என்று திருத்துவதால் ஒன்றும் ஆகாது. பெயர்தான் மாறும், உள்ளிருப்பது அப்படியேதான் இருக்கும்.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைத் திறந்து, Preset பட்டியலில் Fast 1080p30-ஐத் தேர்ந்தெடுக்கலாம். Video பகுதியில் H.264 (x264) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு Start Encode-ஐ அழுத்தினால் போதும். 4கே படம் 1080 அளவுக்கு இறங்கும். பழைய திரைக்கு அதுவே தாராளம். மெதுவான கணினியில் வீடியோவின் நீளத்தைவிட அதிக நேரம் பிடிக்கலாம். இப்போதைய ஹேண்ட்பிரேக் விண்டோஸ் 7-இல் ஓடாது. அங்கே வேறு கணினியில்தான் மாற்றியாக வேண்டும். மூலக் கோப்பை மட்டும் அழிக்க வேண்டாம், ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் குறையும்.

மாற்றிய பின் நிறம் வெளுத்துத் தெரிந்தால், ஐபோன் 12 முதல் வரும் எச்.டி.ஆர். பதிவு காரணமாக இருக்கலாம். Record Video அமைப்பில் HDR Video-வை அணைத்துவிட்டுப் படம் பிடித்தால் அடுத்த வீடியோவில் இந்தத் தொல்லை வராது. மாற்றும் வேலையே வேண்டாம் என்பவர்கள் Camera அமைப்பில் Formats-க்குள் போய் Most Compatible என்று வைக்கலாம். கோப்பு பெரிதாகும், நொடிக்கு 60 படங்கள் எடுக்கும் 4கே பதிவும் கிடைக்காது.