தொண்ணூற்றிரண்டா, இருபத்தொன்பதா?

ரியாத்தில் ஒரு துணிக்கடை. சட்டையின் விலைச்சீட்டில் ٩٢ என்று இருக்கிறது. அரபி வலமிருந்து இடமாகப் போகும் எழுத்துதான். ஆனால் எண்களில் பெரிய இலக்கம் நம்முடையதைப் போலவே இடப்பக்கம் நிற்கும். ஆகவே இது 92.

உருவங்களில்தான் கவனம் வேண்டும். பூஜ்யம் வெறும் புள்ளி (٠). நம் பூஜ்யம்போல் வட்டமாக இருப்பது ஐந்து (٥). ஏழு போலத் தெரிவது ஆறு (٦). ஐம்பது ரியாலை ٥٠ என்று எழுதியிருந்தால், பழகாத கண் அந்தப் புள்ளியைக் கவனிக்காமல் ஐந்து ரியால் என்றே படித்துவிடும்.

சொல்லும்போது முறை மாறுகிறது. நாம் பத்தை முதலில் சொல்வோம், அவர்கள் ஒன்றை முதலில் சொல்வார்கள். 92 என்பது 'இத்னைன் வ திஸ்ஈன்', அதாவது இரண்டும் தொண்ணூறும். காதில் விழுந்த வரிசையிலேயே எழுதினால் 29 ஆகிவிடும். கணக்கு வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இப்படி எழுதி, மாலையில் கல்லாப்பணத்தோடு ஒத்துப் பார்க்கையில் 63 ரியால் வித்தியாசத்தைத் தேடியிருக்கிறேன். இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். அதை வைத்துத்தான் பிழையைப் பிடித்தேன்.

நூறு மட்டும் முன்னால் வரும். 125 என்பது 'மியா வ கம்ஸா வ இஷ்ரீன்': நூறும் ஐந்தும் இருபதும். 1 எழுதி, ஓர் இடம் விட்டு, 5 எழுதி, பிறகு நடுவில் 2 போடுங்கள். நாலு நாளில் கை பழகிவிடும்.

பின்னங்கள் எண்ணின் பெயரிலிருந்தே பிறக்கின்றன. அர்பஆ நான்கு, ருபுஉ கால். கம்ஸா ஐந்து, கும்ஸ் ஐந்தில் ஒன்று. அஷரா பத்து, உஷ்ர் பத்தில் ஒன்று. அரை மட்டும் தனிச்சொல்: நிஸ்ஃப், பேச்சில் நுஸ். ஜக்காத்தின் இரண்டரை சதவீதத்தை 'ருபுஉல் உஷ்ர்', பத்தில் ஒன்றின் கால் என்பார்கள். நம்மூர் முஸ்லிம் வீடுகளில் இந்தக் கணக்கு தெரிந்ததே.

சட்டைக்கு வருவோம். பலகையில் 'கஸ்ம் ٢٥٪', அதாவது 25 சதவீதத் தள்ளுபடி. வாயால் சொன்னால் 'கம்ஸா வ இஷ்ரீன் ஃபில் மியா', நூற்றுக்கு இருபத்தைந்து. அது கால்தானே? 92-இல் கால் 23. கழித்தால் 69, 'திஸ்ஆ வ சித்தீன்'. வாங்குகிறவருக்கு வேலை முடிந்தது.

கணக்கு எழுதுகிறவருக்கு இன்னொன்று இருக்கிறது. சவூதியில் 2020 ஜூலை முதல் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதம். கடையில் காட்டும் விலையிலேயே அது அடங்கியிருக்கும். 69-இல் 15 சதவீதம் எடுத்தால் 10.35 வரும், அது தவறு. வரி விதிக்கப்பட்டது வரி சேராத விற்பனை விலையின்மேல். அந்த விலை 100 என்றால் சீட்டில் 115. எனவே 69-ஐ 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். வரி 9 ரியால், விற்பனை 60. அறுபதில் 15 சதவீதம் ஒன்பதுதானா என்று திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு ஏட்டில் ஏற்றுங்கள்.