பாக்கி நூல் எப்போது வரும்?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று, நூற்பாலையிடம் 2,000 கிலோ கோம்டு நூலுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 14-க்குள் நூல் வர வேண்டும். அன்று 800 கிலோதான் இறங்கியது. 18-ஆம் தேதியும் பாக்கி வரவில்லை. போன் போட்டால் "நாளைக்கு ஏத்தி விட்டுடறோங்க" என்கிறார்கள்.

இந்தப் பதிலுக்கு அடுத்ததாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இ-வே பில் எண் என்னங்க?" எண் இருந்தால் சரக்கு கிளம்பத் தயார். இல்லையென்றால் நூல் இன்னும் மில்லிலேயே இருக்கிறது, அல்லது வேறொருவருக்குப் போய்விட்டது. அப்போது போனை வைத்துவிட்டுக் கடிதம் எழுத உட்காருவதுதான் முறை.

பெரும்பாலானோர் கோபத்தை எழுதுகிறார்கள். "உடனடியாக அனுப்பவும், இல்லையேல் பெரும் நஷ்டம்" என்ற வரியை மில்காரர் தினமும் நாலு பேரிடமிருந்து படிக்கிறார். அவரை அசைப்பது தேதிதான். அந்தத் தேதியைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் கதையில் கண்டெய்னர் ஏப்ரல் 16 அன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். 15-ஆம் தேதி லாரி ஏற்ற வேண்டும். 14 தமிழ்ப் புத்தாண்டு, ஆள் வராது. அதற்கு முன் நிட்டிங்குக்கு 4 நாள், சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் 7, கட்டிங், தையலுக்கு 9, செக்கிங், பேக்கிங்குக்கு 3 என 23 நாள் தேவை. ஞாயிறும் வேலை நடந்தால்கூட மார்ச் 22 காலையில் நிட்டிங் தொடங்கியாக வேண்டும். அப்படியானால் நூல் 21 மாலைக்குள் வந்துவிட வேண்டும். இது பேரம் பேசுவதற்காக முன்தள்ளிச் சொன்ன தேதி இல்லை என்பது கணக்கைப் பார்த்ததும் மில்காரருக்கே புரியும்.

கடிதம் இவ்வளவு போதும்:

"எங்கள் ஆர்டர் எண் 118, மார்ச் 3. 2,000 கிலோவில் 800 கிலோ வந்தது. 1,200 கிலோ பாக்கி. ஒப்புக்கொண்ட நாள் மார்ச் 14. இந்த நூலில் 6,000 டி-சர்ட் ஆக வேண்டும். ஏப்ரல் 16 கண்டெய்னர் தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். பாக்கி முழுவதும், முதலில் வந்த அதே லாட்டில், மார்ச் 21 மாலை 5 மணிக்குள் எங்கள் கிடங்கில் இறங்க வேண்டும். நாளை மதியத்துக்குள் எழுத்தில் உறுதி தாருங்கள். வராவிட்டால் பாக்கி ஆர்டரை ரத்து செய்து வெளியில் வாங்குவோம். தாமதத்தால் வரும் இழப்பைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை."

'அதே லாட்' என்பதைத் தொழில் தெரியாதவர் எழுத மாட்டார். லாட் மாறினால் பஞ்சின் கலவையும் மாறியிருக்கலாம். ஒரே சாயத்தொட்டியில் போட்டாலும் நிறம் ஏறுவதில் வித்தியாசம் தெரியும். அவசரத்தில் வேறு லாட் நூலை வாங்கி ஒரே துணியில் கலந்து ஓட்டினால், சாயம் போட்ட பிறகு பட்டை பட்டையாக நிற்கும். அதே லாட் இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். புது லாட்டைத் தனியாக ஓட்டி, தனி அளவு டி-சர்ட்டுகளுக்கு வைத்துக்கொள்ள அப்போதாவது வழியிருக்கும்.

நஷ்டத்தையும் எண்ணாகவே காட்ட வேண்டும். 6,000 டி-சர்ட் ஏறக்குறைய 1,000 கிலோ. ஏஜெண்ட் கிலோவுக்கு 250 ரூபாய் சொன்னால் விமானக் கட்டணமே 2.5 லட்சம். ஆனால் இந்தத் தொகையை மில் தர வேண்டுமா என்பது இப்போது எழுதும் கடிதத்தால் முடிவாவதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 73-ஆவது பிரிவு, மீறலிலிருந்து இயல்பாக வரும் இழப்புக்கும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்பும் அறிந்திருந்த இழப்புக்கும்தான் ஈடு தருகிறது. 1853-இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் மாவு மில் ஒன்றின் உடைந்த இயந்திரத் தண்டைக் கொண்டுசென்ற நிறுவனம் தாமதித்தது. மில் மூடிக் கிடந்த நாட்களின் லாபத்தை உரிமையாளர்கள் கேட்டார்கள். அந்தத் தண்டு இல்லாமல் மில் ஓடாது என்று முன்பே சொல்லவில்லை என்பதால் கிடைக்கவில்லை. ஆகவே கப்பல் தேதியையும் 'தாமதமானால் விமானச் செலவு' என்பதையும் முதல் ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். சொல்லாமல் விட்டதைக் கடிதத்தால் சரிக்கட்ட முடியாது.

இன்னொரு இடத்தில்தான் பலரும் உரிமையை இழக்கிறார்கள். நேரம் முக்கியம் என்று போட்ட ஒப்பந்தத்தில் தாமதமாக வந்த சரக்கை ஒன்றும் சொல்லாமல் இறக்கிக்கொண்டால், அந்தத் தாமதத்துக்குப் பிறகு ஈடு கேட்க முடியாது. வாங்கும்போதே அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது 55-ஆவது பிரிவு. லாரி வந்த மகிழ்ச்சியில் கிடங்கு ஆள் சலானில் வெறுமனே கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனால் அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: 'தாமதமாகப் பெறப்பட்டது, இழப்பீட்டு உரிமை நிறுத்திவைக்கப்படுகிறது' என்று தேதியோடு சலானின் இரண்டு நகலிலும் எழுத வேண்டும். அதையே அன்று மாலை மில்லுக்கு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.