கோகோ கோலாவைத் தமிழில் வரைவது

கோகோ கோலாவின் ஆங்கில லோகோ 1880களில் பிறந்தது. நிறுவனத்தின் கணக்குகளைப் பார்த்துவந்த ஃபிராங்க் ராபின்சன், அன்றைய அமெரிக்க அலுவலகங்களில் புழங்கிய ஸ்பென்சீரியன் கையெழுத்துப் பாணியில் அதை எழுதினார். பேனாவைக் கீழே இழுக்கும்போது கோடு பருக்கிறது, மேலே தூக்கும்போது மெலிகிறது. இரண்டு பெரிய ‘சி’ எழுத்துகளின் வால்கள் நீண்டு மற்ற எழுத்துகளோடு இழைகின்றன. இதைத் தமிழில் வரையச் சொன்னால் பலருக்கும் முதலில் தோன்றும் வழி, அந்த ஆங்கில எழுத்துகளையே வெட்டி ஒட்டித் தமிழ் எழுத்தாக்குவது. அப்படிச் செய்தால் பிராண்டின் அடையாளம் காக்கப்படும் என்ற நம்பிக்கை தவறானது. ஒருமைப்பாடு எழுத்தின் உறுப்புகளில் இல்லை. கோட்டின் பருமன், சாய்வு, ஓட்டம் ஆகியவை ஒன்றோடொன்று கொள்ளும் அளவுகளில் இருக்கிறது. எழுத்தின் எலும்புக்கூடு தமிழாகவே இருக்க வேண்டும்.

காரணத்தை அந்தப் பெயரிலேயே பார்க்கலாம். ‘கோ’ ஓர் எழுத்தாக எண்ணப்பட்டாலும் கண்ணுக்கு அது மூன்று வடிவங்கள்: முன்னால் இரட்டைக்கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். ‘கோகோ கோலா’ என்று எழுதினால் பதினொரு வடிவங்கள் வரிசையில் நிற்கும். ஆங்கிலத்தில் எட்டு எழுத்துகள்தாம். ஆங்கிலத்தின் தடிமனை அப்படியே ஏற்றினால் இரட்டைக்கொம்பின் சுழிக்குள் இருக்கும் சிறு வெற்றிடம் மையால் அடைபடும். தூரத்திலிருந்து பார்ப்பவர் அதை ஒற்றைக்கொம்பாகக் கண்டு ‘கொ’ என்று வாசிப்பார். துணைக்காலின் அடியில் அழகுக்காக ஒரு வால் இழுத்தால் அது ‘ர’ ஆகிவிடும். ஆகவே தமிழ் வரைவாளர் கோட்டைச் சற்று மெலிதாக்கி, சுழிகளை அகலத் திறந்து, பருமனை க-வின் நெடுங்கோட்டிலும் துணைக்காலிலும் வைக்கிறார். பனையோலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த எழுத்து நம்முடையது. கோடு எங்கே பருக்க வேண்டும் என்பதற்கு அதில் பேனா வகுத்த பழைய விதி இல்லை. அதை வரைபவரே தீர்மானிக்க வேண்டும். உயரமும் இப்படித்தான். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. க-வை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கு நிறுத்தினால் தமிழ் பருத்துத் தெரியும், சிறிய எழுத்தின் உயரத்துக்கு இறக்கினால் ஒடுங்கிப்போகும். இரண்டுக்கும் இடையில் ஓர் உயரத்தைக் கண்ணால் பார்த்தே பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு லோகோக்களையும் பக்கத்தில் வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்க்கும்போது ஒன்று மற்றொன்றைவிடக் கருமையாகத் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, ஆங்கில லோகோவையே எல்லோரும் அடையாளம் காண்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், படமாகக் காண்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் சொல்லப்படுகிறது. நிறுவனம் தமிழ் வடிவத்தை வரைந்து தராவிட்டால் ஒவ்வோர் ஊரிலும் ஃபிளெக்ஸ் அச்சகத்தார் கையில் கிடைத்த எழுத்துருவில் அடித்துவிடுவார், எழுத்துக்கூட்டலும் ஊருக்கு ஊர் மாறும். ஒருமைப்பாடு குலைவது உண்மையில் அங்கேதான். வடிவத்துக்குச் சுதந்திரம் கொடுத்தால் உலகளாவிய அடையாளம் சிதறாதா என்பது இன்னும் வலுவான எதிர்வாதம். அதற்கு அதே பானத்தின் அரபு லோகோ பதில் சொல்கிறது: அது வலமிருந்து இடமாக ஓடுகிறது, ஒரு ‘சி’கூட அதில் இல்லை, ஆனாலும் பார்த்தவுடன் தெரிகிறது. சீன வடிவத்தை ஹாங்காங் வடிவமைப்பாளர் ஆலன் சான் 2003இல் புதிதாக வரைந்தபோதும் எழுத்து சீனமாகவே நின்றது. சிவப்பு நிறமும் கோட்டின் ஓட்டமும் அடையாளத்தைச் சுமக்கின்றன.

விளம்பர வாசகத்திலும் இதே தர்க்கம் செல்லும், அங்கே தவறு இன்னும் எளிதில் நேர்கிறது. ‘உங்கள் நாளை உங்கள் வழியில் தொடங்குங்கள்’ என்ற மொழிபெயர்ப்பு வரியில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆங்கில வரியை மொழிபெயர்க்கக் கொடுப்பதற்குப் பதிலாக, யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்ற குறிப்பை மட்டும் தமிழ் எழுத்தாளரிடம் கொடுக்க வேண்டும். ஆங்கிலக் கையேட்டில் இடமே இல்லாத ஒரு முடிவையும் அப்போது எடுத்தாக வேண்டும்: இந்த பிராண்டு வாங்குபவரை நீ என்று அழைக்குமா, நீங்கள் என்று அழைக்குமா? குளிர்பானம் நீ என்றால் தோழமையாகக் கேட்கும். வங்கி அப்படிச் சொன்னால் அவமதிப்பாகும். அடுத்தது பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்ற கேள்வி. பேச்சுத் தமிழ் நெருக்கம் தரும், ஆனால் சென்னைப் பேச்சில் எழுதிய வரி யாழ்ப்பாணத்தில் வேற்றூர்க் குரலாகவே ஒலிக்கும். போலீஸ், டாக்டர் என்று இங்கே எழுதுவதைப் பொலிஸ், டொக்டர் என்று எழுதும் வாசகர்கள் யாழ்ப்பாணத்தார். இரு கரைகளுக்கும் ஒரே வாசகம் வேண்டுமென்றால் எளிய எழுத்துத் தமிழே பொருந்தும்; பேச்சுமொழி வேண்டுமென்றால் சென்னைக்கு ஒன்றும் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றுமாக இரண்டு வாசகங்கள் எழுத வேண்டும். இரண்டின் மேலும் நிற்கும் லோகோ ஒன்றேயாக இருக்கலாம்.